ஒஃபர் லெட்டரில் 68,000 என்று இருக்கிறது, நல்லமா?

வேலைக் கடிதம் கைக்கு வந்ததும் அதைப் படம் பிடித்து, தெரிந்த ஒருவருக்கு அனுப்பி "அக்கா, இது நல்லமா?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்பது நல்ல பழக்கம். ஆனால் வருவது அநேகமாக முதல் பக்கம் மட்டும்தான். அதில் கம்பனியின் பெயர், பதவி, ஒரு பெரிய தொகை மூன்றும் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டாம், மூன்றாம் பக்கங்களிலும் பின்னிணைப்பிலும்தான் இருக்கிறது. ஆகவே யாரிடம் கேட்பதாக இருந்தாலும் எல்லாப் பக்கங்களையும் அனுப்புங்கள். "கம்பனி விதிமுறைகளின்படி" என்று எங்காவது எழுதியிருந்தால் அந்த விதிமுறைக் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். பார்க்காத கையேட்டுக்கும் சேர்த்துத்தான் உங்கள் கையெழுத்து விழுகிறது.

ஆரையம்பதியைச் சேர்ந்த தங்கச்சி ஒருவருக்கு வந்த கடிதத்தை வைத்தே இதை விளக்குகிறேன். தொகைகளைச் சற்று மாற்றியிருக்கிறேன். ஒரு நிதி நிறுவனத்தின் மட்டக்களப்புக் கிளையில் கடன் அலுவலர் வேலை, மாதம் 68,000 ரூபா. அதே வாரம் நகரத்தில் உள்ள பெரிய ஹார்ட்வெயார் கடை ஒன்றிலிருந்து கணக்குப் பிரிவு வேலைக்கும் கடிதம் வந்தது. அதில் 52,000 ரூபா. வீட்டில் எல்லோரும் முதலாவதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். 16,000 ரூபா கூட வருகிறது என்றால் யார்தான் வேறு மாதிரிச் சொல்வார்கள்?

முதலில் தொகையை உடையுங்கள்

ஒரு தாளை எடுத்து, அந்த 68,000 எதெதனால் ஆனது என்று எழுதுங்கள். தங்கச்சியின் கடிதத்தின் பின்னிணைப்பில் இப்படி இருந்தது: அடிப்படைச் சம்பளம் 30,000, நிலையான கொடுப்பனவு 12,000, எரிபொருள் 10,000, இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை 16,000 வரை. கடைக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 45,000, வரவுக் கொடுப்பனவு 7,000.

அடிப்படைச் சம்பளம் சரியாக 30,000 என்று இருப்பது தற்செயல் அல்ல. 2025 ஏப்ரலில் தனியார் துறைக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா ஆனது, 2026 ஜனவரி முதல் அது 30,000. அதற்குக் கீழே போக முடியாது என்பதால் பல கம்பனிகள் அடிப்படைச் சம்பளத்தை அந்தக் கோட்டிலேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கொடுப்பனவு என்ற பெயரில் அடுக்குகின்றன. காரணம் எளிது. ஊழியர் சேமலாப நிதி, ஓ.டி, பணிக்கொடை, ஆண்டுச் சம்பள உயர்வு என்று பின்னால் வரும் பெரும்பாலான கணக்குகள் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் நிற்கின்றன. அது சிறியதாக இருந்தால் எல்லாமே சிறியதாகிவிடும்.

இனி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், "நான் வேலைக்குப் போனாலே இது வருமா?" என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் வரும். நிலையான கொடுப்பனவும் வரும். எரிபொருள் பணம் பில் கொடுத்தால் வரும், ஆனால் அது ஏற்கெனவே பெற்றோல் ஷெட்டில் செலவான பணம், வீட்டுக்கு வராது. ஆகவே அதைச் சம்பளமாக எண்ண வேண்டாம். ஊக்கத்தொகை இலக்கை எட்டினால்தான் வரும். கடிதத்தை வாசித்தால், அறவீட்டு இலக்கில் 80 வீதத்துக்குக் கீழே போனால் ஒரு சதமும் இல்லை, 80 வீதத்தில் 8,000, முழுமையாக எட்டினால் 16,000. வயல் அறுவடை முடியும் மாதத்தில் தவணைகள் தாமாக வந்துசேரும். வெள்ளம் வந்த மாதத்தில் எத்தனை வீடு ஏறி இறங்கினாலும் வராது. நம்முடைய மாவட்டங்களில் அறவீட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஆக, நிச்சயமாக வருவது 42,000. சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 8 வீதம், அதாவது 2,400 கழிந்தால் கையில் 39,600. கடை வேலையில் 45,000இல் 3,600 கழிந்து 41,400, வரவுக் கொடுப்பனவும் கிடைத்தால் 48,400. நிதி நிறுவனத்தில் 80 வீத இலக்கை எட்டிய மாதத்தில்கூட 47,600தான் வருகிறது. முழு இலக்கை எட்டினால் மட்டும் 55,600. முதல் பக்கத்தில் 16,000 ஆகத் தெரிந்த வித்தியாசம், நல்ல மாதத்தில் 7,200 ஆகிறது, சாதாரண மாதத்தில் கடை வேலைதான் கூடத் தருகிறது. அந்தக் கிளையில் கடந்த மூன்று மாதங்களில் எத்தனை பேர் முழு ஊக்கத்தொகை எடுத்தார்கள் என்று நேர்முகம் செய்தவரிடமே கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வரவுக் கொடுப்பனவுக்கும் ஒரு கேள்வி உண்டு. சட்டப்படி உரிய லீவை எடுத்தாலும் அது வெட்டப்படுமா? சில இடங்களில் ஒரு நாள் வராவிட்டால் முழுத் தொகையும் போய்விடும். அப்படியானால் 7,000 ரூபாவைப் பாதி என்று எண்ணிக்கொள்வதுதான் பத்திரம்.

வருமான வரியைப் பற்றி இந்தச் சம்பளத்துக்கு யோசிக்கத் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாவுக்கு மேலே போனால்தான் அது வருகிறது.

சேமலாப நிதி வரியை இரண்டு தடவை வாசியுங்கள்

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். இவை இரண்டும் ஊழியர் சேமலாப நிதிக்கு, நாம் ஈ.பீ.எஃப் என்று சொல்வதற்குப் போகும். இதைவிட ஈ.ரீ.எஃப் எனப்படும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். அதில் ஊழியரிடம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டியது 8 வீதம் மட்டுமே.

கடிதங்களில் மூன்று வகையான கோளாறுகளைக் காணலாம்.

முதலாவது, "நிரந்தரமாக்கப்பட்ட பிறகு சேமலாப நிதி" என்று எழுதியிருப்பது. இது செல்லாது. தகுதிகாண் காலமாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஆறு மாதம் கட்டாமல் விட்டால் உங்கள் சம்பளத்தில் ஆறு தடவை 12 வீதமும் 3 வீதமும் கம்பனியின் பையிலேயே தங்கிவிடுகிறது.

இரண்டாவது, "மொத்தத் தொகுப்பு" என்ற சொல். முதலாளியின் 12 வீதத்தையும் 3 வீதத்தையும்கூட உள்ளே போட்டு ஒரு தொகையைக் காட்டுவார்கள். அப்படிக் காட்டுவதே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அதை மாதச் சம்பளம் என்று நினைத்து இன்னொரு வேலையோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம். "இதில் கம்பனியின் பங்கும் அடங்குமா?" என்று எழுத்தில் கேளுங்கள். சொன்ன சம்பளத்திலிருந்தே 20 வீதத்தையும் கழித்து அனுப்புகிற இடங்களும் உண்டு, அது சட்டவிரோதம்.

மூன்றாவதுதான் இந்தக் கடிதத்தில் இருந்தது. பங்களிப்பு "அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும்" என்று எழுதியிருந்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப் படியும் அதைப் போன்ற ஏனைய படிகளும், சாப்பாட்டுப் படியும் கணக்கில் சேரும். ஓ.டி சேராது, பில்லுக்கு ஈடாகக் கிடைக்கும் எரிபொருள் பணமும் சேராது. எந்த நிபந்தனையும் இல்லாமல் எல்லோருக்கும் மாதாமாதம் வருகிற 12,000 ரூபா "நிலையான கொடுப்பனவு", பெயரை மாற்றிய சம்பளம்தான் என்பது என் கருத்து. தொழில் திணைக்களமும் அப்படிக் கருத இடம் உண்டு.

அந்த 12,000 அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்து 42,000 ஆனால் என்ன மாறும் என்று பார்ப்போம். உங்கள் 8 வீதம் 2,400இலிருந்து 3,360 ஆகும், கையில் வருவது 960 ரூபா குறையும். சிலர் இதைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சேமலாப நிதிக்கு மாதம் சேர்வது 6,000இலிருந்து 8,400 ஆகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 900 அல்ல, 1,260 சேர்கிறது. 960 கொடுத்து 2,760 எடுக்கிறீர்கள். கம்பனிக்கு இதனால் கூடும் செலவு மாதம் 1,800 ரூபாதான். பேசப் போகும்போது இந்த 1,800ஐ மனதில் வைத்திருங்கள். நீங்கள் கேட்பது எவ்வளவு சிறிய தொகை என்று கம்பனிக் கணக்காளருக்கே தெரியும்.

பணிக்கொடையும் இதே கணக்கில்தான் போகும். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தால், ஒவ்வொரு ஆண்டுக்கும் கடைசியாக எடுத்த மாதச் சம்பளத்தில் பாதி. கொடுப்பனவுகளை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால் 30,000க்கு ஆண்டொன்றுக்கு 15,000, 45,000க்கு 22,500.

வேலை நேரம், லீவு

கடை, அலுவலகம், நிதி நிறுவனம், ஹோட்டல் போன்ற இடங்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் பொருந்தும். நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓ.டி. ஒரு மணி நேரச் சம்பளத்தை எடுக்க மாதச் சம்பளத்தை 240ஆல் பிரிப்பார்கள். 30,000 என்றால் மணிக்கு 125, ஓ.டி 187.50. 45,000 என்றால் ஓ.டி 281.25. இங்கேயும் அடிப்படைச் சம்பளம்தான் பேசுகிறது. ஆடைத் தொழிற்சாலை வேலை என்றால் சம்பளச் சபைகள் சட்டம், அங்கே கணக்கு வேறு.

பதவியின் பெயரையும் பாருங்கள். "எக்ஸிகியூட்டிவ்" என்று பெயர் வைத்துவிட்டு, நிறைவேற்றுத் தரத்துக்கு ஓ.டி கிடையாது என்று கடிதத்தில் ஒரு வரி போடுவது பரவலான பழக்கம். தீர்மானம் எடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லாத வேலைக்கு அந்தப் பெயர் வந்தால், மாலையில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்று அங்கே வேலை செய்கிற யாரிடமாவது விசாரித்துவிடுங்கள்.

முதல் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் தற்செயல் லீவு வரும், அடுத்த ஆண்டு முதல் 7 நாள். ஆண்டு லீவு இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்தவருக்கு 10 நாள், ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, ஒக்டோபர் முதல் 4. சேரும் திகதி மார்ச் கடைசியா ஏப்ரல் முதலாம் திகதியா என்று அவர்கள் கேட்டால், பதில் சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வர எவ்வளவு செலவாகும்?

சம்பளத்தைப் பார்க்கும் அளவுக்கு இந்தப் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. பிறகு கண்ணீரோடு வருகிற கேள்விகள் அநேகமாக இங்கிருந்துதான் வருகின்றன.

தகுதிகாண் காலம் ஆறு மாதம் என்றும், "தேவைப்பட்டால் நீடிக்கப்படும்" என்றும் கடிதத்தில் இருந்தது. ஆறு மாதம் என்ற அளவுக்கு ஒரு பின்னணி உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 180 நாள் வேலை செய்துவிட்ட ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்த முடியாது என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்பே முடிவெடுக்கக் கம்பனிகள் விரும்புகின்றன. நீங்கள் கேட்க வேண்டியது, நீடிப்பதாக இருந்தால் அதிகபட்சம் எவ்வளவு, அதை எழுத்தில் காரணத்தோடு அறிவிப்பார்களா, ஆறு மாதம் முடிந்தும் கடிதம் வராவிட்டால் நிரந்தரமானதாகக் கொள்ளலாமா என்ற மூன்றும்தான்.

அடுத்தது நோட்டீஸ். இந்தக் கடிதத்தில் கம்பனி ஒரு மாத அறிவித்தலோடு நிறுத்தலாம், ஊழியர் விலகுவதானால் மூன்று மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும் அல்லது மூன்று மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டும். இரு பக்கத்துக்கும் ஒரே காலம் இருப்பதுதான் நியாயம். அதைவிட முக்கியம், கட்ட வேண்டியது எந்தச் சம்பளம்? அடிப்படைச் சம்பளம் என்றால் 90,000. மொத்தம் என்றால் 204,000. சம்பளம் கொடுக்கும்போது அடிப்படை, கட்டச் சொல்லும்போது மொத்தம் என்று இருப்பதை ஏற்கக்கூடாது.

பிறகு பொண்ட். பயிற்சிக்காக இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும், இடையில் விலகினால் 240,000 ரூபா, இரண்டு பிணையாளர்கள் கையெழுத்திட வேண்டும். நம் ஊரில் அந்தக் கையெழுத்துக்கு அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மாமாவையோ பெரியப்பாவையோ பிடிப்போம். அவர்கள் வாசிக்காமலே போட்டுத் தருவார்கள், பிள்ளையின் நன்மைக்காக. அதனால்தான் அந்தத் தாளை முதலில் நீங்கள் வாசிக்க வேண்டும். என்ன பயிற்சி, எத்தனை நாள், எங்கே, கம்பனிக்கு எவ்வளவு செலவு என்று கேளுங்கள். கிளையிலேயே மூத்தவர் பக்கத்தில் இருந்து வேலை பழகுவதற்கு 240,000 ரூபா செலவாகாது. தொகையைக் குறைக்க மறுத்தால், மாதாமாதம் தேயும்படி கேளுங்கள். 24 மாதத்துக்கு 240,000 என்றால் வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் 10,000 குறையும். 15 மாதத்தில் விலகினால் கட்ட வேண்டியது 90,000. தேயாத பொண்டில் அதே நாளில் முழு 240,000உம் கேட்பார்கள்.

காசு கையாளும் வேலைக்கு நம்பிக்கைப் பிணை கேட்பது வேறு விடயம். களவு, மோசடி நடந்தால் மட்டும் பிணையாளர் பொறுப்பு என்று அது எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதியிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவைக்கச் சொன்னால் கொடுக்க வேண்டாம். பார்வைக்குக் காட்டி, உறுதிப்படுத்திய பிரதியைக் கொடுங்கள். சாதாரண தரச் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் கம்பனி அலுமாரியில் கிடந்தால் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

தங்கச்சியின் கடிதத்தில் என்னைப் பயப்படுத்திய வரி இன்னொன்று: "அறவிட முடியாத கடன்களுக்கு அலுவலர் பொறுப்பாவார், அத்தொகை சம்பளத்திலிருந்து கழிக்கப்படும்." வாடிக்கையாளர் கட்டாத கடன் கம்பனியின் வியாபார நட்டம். சம்பளத்திலிருந்து நினைத்ததையெல்லாம் கழிக்கச் சட்டம் இடம் தராது, அனுமதிக்கப்பட்ட கழிவுகளுக்கும் பொதுவாக ஊழியரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் முதல் நாளிலேயே கடிதத்துக்குள் வைத்து வாங்கப் பார்க்கிறார்கள். இந்த வரியை வெட்டச் சொல்ல வேண்டும், அல்லது "விசாரணையில் அலுவலரின் மோசடி நிரூபிக்கப்பட்டால்" என்று சேர்க்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மறுத்தால் அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இடமாற்றமும் இங்கேதான் வருகிறது. "நாட்டின் எந்தக் கிளைக்கும்" என்று எல்லாக் கடிதத்திலும் இருக்கும். கல்முனைக்கோ களுவாஞ்சிக்குடிக்கோ என்றால் ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். திருகோணமலை என்றால் அறை எடுக்க வேண்டும், 39,600 ரூபாவில் அறையும் சாப்பாடும் போனால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குள் என்று வரம்பு கேட்கலாம், அல்லது வெளியே அனுப்பினால் தங்குமிடப் படி கேட்கலாம்.

எப்படிக் கேட்பது

தொலைபேசியில் கேட்டால் "அதெல்லாம் பிரச்சினை இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வரும். அந்த வாக்கைக் கொடுத்த மேலாளர் அடுத்த ஆண்டு வேறு கிளையில் இருப்பார். மின்னஞ்சலில் கேளுங்கள், நான்கு கேள்விக்கு மேல் வேண்டாம். தங்கச்சி அனுப்பியதன் சாரம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, வேலைக்குத் தெரிவு செய்தமைக்கு நன்றி. சேர விருப்பமாக உள்ளேன். கையெழுத்திடுமுன் நான்கு விடயங்களைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். நிலையான கொடுப்பனவு 12,000ஐ அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா? அறிவித்தல் காலத்தை இரு தரப்புக்கும் ஒரு மாதமாக்கி, அதற்கு ஈடான தொகையை அடிப்படைச் சம்பளத்தின் மீது கணிக்க முடியுமா? பொண்ட் தொகை மாதாந்தம் குறையுமா? அறவிட முடியாத கடன் பற்றிய வரியை மோசடி நிரூபிக்கப்பட்ட சந்தர்ப்பத்துக்கு மட்டும் என்று திருத்த முடியுமா?"

மூன்று நாளில் திருத்திய கடிதம் வந்தது. அடிப்படைச் சம்பளம் 42,000 ஆனது. அறவிட முடியாத கடன் பற்றிய வரி மாறியது. பொண்ட் தேய்வதாக ஆனது. நோட்டீஸ் காலத்தை மட்டும் இரு பக்கத்துக்கும் இரண்டு மாதம் என்று நிறுத்திக்கொண்டார்கள், அடிப்படைச் சம்பளக் கணக்கில். கடன் துறையிலேயே முன்னேற விரும்பியதால் அவர் அதை எடுத்தார். திருத்தம் வராமல் இருந்திருந்தால் கடை வேலைதான் நல்லது என்று சொல்லியிருப்பேன், 52,000ஆக இருந்தாலும்.

எல்லா இடத்திலும் இப்படி இறங்கி வரமாட்டார்கள். ஒன்றைக்கூட மாற்ற மறுத்தாலும் உங்களுக்கு எழுத்தில் பதில் கிடைத்திருக்கும், எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று தெரிந்திருக்கும். கேட்டதற்காகவே கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிற இடம், பிறகு சம்பளம் பிந்தினால் கேட்கவும் விடாது.

கையெழுத்திட்ட பிறகு, இரு தரப்பும் ஒப்பமிட்ட பிரதியை அன்றைக்கே வாங்குங்கள். ஒஃபர் லெட்டர் வேறு, நியமனக் கடிதம் வேறு. சேரும் நாளில் தரும் நியமனக் கடிதத்தை ஒஃபர் லெட்டரோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள், திருத்திய வரிகள் அதில் பழையபடி வந்துவிடுவதுண்டு. முதல் சம்பளத் துண்டில் 8 வீதம் எந்தத் தொகையின் மீது கழிந்திருக்கிறது என்று பாருங்கள். சேமலாப நிதி உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதில் உங்கள் அடையாள அட்டை இலக்கம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒரு மாதத்துக்கான பங்களிப்பை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும் என்பதால், மூன்றாம் மாதம் பார்த்தால் முதல் மாதப் பணம் கணக்கில் தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால் முதலில் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லை என்றால் உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குக் கடிதத்தின் பிரதியையும் சம்பளத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். முறைப்பாடு கொடுக்கக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம். வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள் என்றால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.